கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கத்தை வைத்து அப்பா அம்மாவுக்குக் கல்யாண நாள் வாழ்த்து எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா அப்பா கல்யாண நாள் வருது. ஆல்பத்துல அம்பது பக்கம் இருக்கு. எந்தப் பக்கத்தைப் போன்ல எடுத்து அனுப்பறது?

திருச்சியில் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து கேட்பது இதைத்தான். பெரும்பாலும் அவர்களாகவே தாலி கட்டும் படத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்தப் படம் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே மாட்டியிருக்கும். அதைப் பற்றிச் சொல்ல உங்களிடம் புதிதாக ஒன்றும் இருக்காது, கேட்க அவர்களிடமும் ஒன்றும் மிச்சமிருக்காது.

உங்களுக்கு விளங்காத ஏதாவது ஒன்று இருக்கும் பக்கத்தை எடுங்கள். யாரென்று தெரியாத ஆள், ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்துபோன மாலை, நனைந்த வேட்டிக் கரை, மணவறைக்குப் பின்னால் நின்று அழும் ஒருத்தி. "இது என்ன?" என்று உங்களுக்கே கேட்கத் தோன்றும் பக்கம்தான் வாழ்த்துக்கு உதவும். ஆல்பத்தின் பின்பாதியைக் கட்டாயம் பாருங்கள். பந்தி, நலங்கு, வழியனுப்பும் படங்கள் வரும் நேரத்தில் எல்லோரும் கேமராவை மறந்திருப்பார்கள்.

போன்ல எடுத்தா பளபளன்னு வெளிச்சம் அடிக்குது, முகமே தெரியல. என்ன பண்ணலாம்?

ஃபிளாஷை அணையுங்கள், தலைக்கு மேல் எரியும் டியூப்லைட்டையும் அணையுங்கள். பகலில், நேர் வெயில் விழாத ஜன்னலுக்குப் பக்கத்தில் ஆல்பத்தை மேசைமேல் மட்டமாக வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். நீங்கள் மேலிருந்து நேராகக் குனிந்து எடுக்க வேண்டும். போன் சாய்ந்தால் பக்கம் கோணலாக விழும். ரொம்பக் கிட்டே போனால் ஓரங்கள் வளையும், உங்கள் நிழலும் விழும். அதனால் கொஞ்சம் உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். பக்கங்களுக்கு நடுவே சிலந்தி வலைபோலக் கோலம் போட்ட பட்டர் பேப்பர் இருந்தால், கிழியாமல் மெதுவாகத் திருப்புங்கள்.

முழுப் பக்கத்தை ஒரு தடவையும், ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக ஒரு தடவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டியது முழுப் பக்கம். தனிப் படங்கள் நீங்கள் பெரிதாக்கிப் பார்ப்பதற்கு. ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது HD என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது Document ஆக அனுப்புங்கள். இல்லையென்றால் படம் சுருங்கிப்போய், நீங்கள் எழுதும் அந்தச் சின்ன விஷயம் அவர்கள் கண்ணில் படாமலே போகும்.

படத்தை ஆல்பத்துல இருந்து பிரிச்சு எடுத்தா நல்லா வருமே? எடுக்கலாமா?

கறுப்பு அட்டையில் நான்கு மூலையிலும் முக்கோணக் காகிதம் செருகிய ஆல்பமாக இருந்தால், பதமாக உருவி எடுத்துத் திரும்பச் செருகலாம். பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, சில சமயம் யாராவது பென்சிலில் எழுதிய பெயர்கூட இருக்கும்.

பிசின் தடவிய அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பமாக இருந்தால் பிரிக்காதீர்கள். முப்பது நாற்பது வருடத்தில் அந்தப் பிசின் இறுகிப் படத்தின் முதுகைப் பிடித்திருக்கும். இழுத்தால் படம் மடிந்து மேற்பரப்பு வெடிக்கும், அந்தக் கோட்டை அப்புறம் சரிசெய்ய முடியாது. பிளாஸ்டிக் தாள் தானாக விலகினால் விலக்கி எடுங்கள். அதோடு படமும் சேர்ந்து எழும்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு, மூடியபடியே எடுங்கள்.

கலர் படமெல்லாம் சிவப்பா மாறிப்போச்சு. சரி பண்ணித்தான் அனுப்பணுமா?

அந்தக் காலத்துக் கலர்த் தாளில் மூன்று சாயங்கள் இருந்தன. அவற்றில் நீலப்பச்சைச் சாயம், ஆல்பத்தை இருட்டில் மூடி வைத்திருந்தாலும், மற்ற இரண்டையும்விட வேகமாக வெளுத்துவிடும். மிச்சமிருப்பது சிவப்பும் மஞ்சளும். அதனால்தான் அம்மாவின் பச்சைப் புடவை அரக்கு நிறத்தில் தெரிகிறது. கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம்.

ஆனால் வாழ்த்தோடு அனுப்ப, உள்ளபடியே இருக்கும் பக்கம் போதும் என்பது என் எண்ணம். அவர்கள் இத்தனை வருடம் புரட்டிப் பார்த்தது அந்தச் சிவப்புப் பக்கத்தைத்தான். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். நிறத்தை நம்பி எழுதாதீர்கள். "அந்த அரக்குப் புடவையில் அம்மா" என்று ஒருவர் எழுதி அனுப்ப, "அது கிளிப்பச்சை, உங்க பாட்டி காஞ்சிபுரம் போய் எடுத்தது" என்று பதில் வந்தது. புடவை நிறத்தைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

எல்லாரும் சிலை மாதிரி விறைப்பா நிக்கறாங்க, யாரும் சிரிக்கக்கூட இல்ல. இதுல இருந்து என்னத்தை எழுதறது?

நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் யாஷிகா மேட் கேமரா இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான். சுருள் மாற்ற நேரமாகும், ஃபிளாஷ் மறுபடி ஏற்றம் பெற சில வினாடி ஆகும், பிரிண்டுக்கும் காசு. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் "இங்க பாருங்க, அசையாதீங்க" என்று நிறுத்தித்தான் எடுப்பார்கள். அப்பா அம்மா விறைப்பாக நிற்பது அவர்கள் மனநிலை இல்லை, அந்தக் கேமராவின் கட்டாயம். "அன்று நீங்கள் இருவரும் பயந்துபோயிருந்தீர்கள்" என்று படத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

அதற்குப் பதிலாக, போட்டோகிராபர் நிறுத்தி வைக்காத இடங்களைப் பாருங்கள். முகத்தை நிறுத்தலாம், கையை அவ்வளவு சுலபமாக நிறுத்த முடியாது. யார் கை யார் தோளில், புடவைத் தலைப்பை யார் பிடித்திருக்கிறார்கள், மணவறைக்கு வெளியே யார் எட்டிப் பார்க்கிறார்கள். படத்தின் நாலு ஓரத்தையும் விரலால் பெரிதாக்கி ஒரு சுற்று வாருங்கள். நடுவில் இருப்பதை எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

அவங்ககிட்டயே விவரம் கேட்டா சர்ப்ரைஸ் போயிடுமே?

கல்யாணத்துக்கு வந்திருந்த வேறு ஒருவரைக் கேளுங்கள். அத்தை, சித்தி, மாமா, அப்பாவின் நண்பர், எதிர்வீட்டுப் பாட்டி. படத்தை அனுப்பி "கல்யாணம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா நடந்துச்சு" என்றுதான் பதில் வரும். "இந்த ஓரத்துல தெரியற கை யாரோடது?" என்று கேளுங்கள். குறிப்பாகக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள்.

ஒரே ஆள் சொன்னதை மட்டும் வைத்து எழுதாமல், முடிந்தால் இன்னொருவரிடமும் கேட்டுப் பாருங்கள். நாற்பது வருட நினைவில் அக்கா கல்யாணமும் தங்கை கல்யாணமும் கலந்துவிடும். சொன்னவரையும் வாழ்த்திலேயே குறிப்பிடுங்கள். "சித்தி சொன்னாங்க" என்று இருந்தால், தப்பாக இருந்தாலும் அம்மா சிரித்துக்கொண்டே திருத்துவார். நீங்களே கண்ணால் பார்த்ததுபோல எழுதினால் இடிக்கும்.

விவரம் கிடைச்சாச்சு. அதை எப்படி வாழ்த்தா மாத்தறது?

என் அப்பா அம்மாவுக்கு எழுதியதையே சொல்கிறேன். அவர்கள் கல்யாணம் 1985 ஆவணியில், விடியற்கால முகூர்த்தம். நான் எடுத்தது தாலி கட்டும் பக்கத்துக்கு அடுத்த பக்கம். அதில் மூன்று படங்கள்: அம்மி மிதித்தல், அக்கினியை வலம் வருதல், பெரியவர்கள் காலில் விழுதல். நடுப்படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை மட்டும், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி. ஆள் படத்தில் இல்லை. சித்தியைக் கேட்டேன். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மின்சாரம் போய்விட்டதாம். அம்மாவின் அண்ணன் சமையல் கட்டிலிருந்து விளக்கைத் தூக்கி வந்து கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாராம். அவர் இப்போது இல்லை.

முதலில் நான் எழுதியது இப்படி: "அன்பின் இலக்கணமாய் வாழும் எங்கள் தெய்வங்களே, நாற்பது ஆண்டு இல்லறப் பயணத்துக்கு வாழ்த்துகள்." இதில் என் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஊரில் எந்தத் தம்பதிக்கும் அனுப்பலாம். அழித்துவிட்டு மூன்று கேள்விக்குப் பதில் எழுதினேன். பக்கத்தில் நான் பார்த்தது என்ன? அதே போன்ற ஒன்றை வீட்டில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேனா? அதனால் எனக்கு என்ன கிடைத்தது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். கல்யாணத்தில் நான் இல்லை, ஆனால் அந்த வீட்டில் நான் வளர்ந்திருக்கிறேன். யோசித்தபோது மின்சாரம் போகும் இரவுகள் நினைவுக்கு வந்தன. கடைசியில் அனுப்பியது இது:

"அப்பா, அம்மா, இந்தப் பக்கத்துல நடுப்படத்தைப் பெருசாக்கிப் பாருங்க. இடது ஓரத்துல ஒரு கை பெட்ரோமாக்ஸ் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அது யார் கைன்னு இத்தனை வருஷமா நான் கேட்டதே இல்ல. பெரிய மாமா கைன்னு போன வாரம்தான் சித்தி சொன்னாங்க. எல்லாம் முடியற வரைக்கும் யாருக்கும் குடுக்காம மாமாவே பிடிச்சுக்கிட்டு நின்னாராம்.

அப்பா, அந்தப் படத்துல நீங்க கேமராவைப் பார்க்கல, கீழ பார்க்கறீங்க. அம்மா கால் எங்க வைக்கறாங்கன்னு பார்க்கறீங்கபோல இருக்கு. நம்ம வீட்டுல கரண்ட் போனா இன்னிக்கும் முதல் குரல் உங்களோடதுதான். 'அங்கயே நில்லு, வர்றேன்'னு அம்மாகிட்ட சொல்லுவீங்க. அம்மாவும் கையில கரண்டி இருந்தாலும் அப்படியே நிப்பாங்க. சின்ன வயசுல நான் இருட்டுக்குப் பயந்ததே இல்ல. அது ஏன்னு இந்தப் படத்தைப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. யாராவது ஒருத்தர் வருவாங்கன்னு எனக்குச் சொல்லித்தராமலே தெரிஞ்சிருந்துது.

நாற்பதாவது கல்யாண நாள் வாழ்த்துகள். ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த பெட்ரோமாக்ஸ் இன்னும் பரண்ல இருக்கா?"

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே வைத்தேன். அப்பாவுக்கு உணர்ச்சியான வார்த்தைகளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. பெட்ரோமாக்ஸ் பற்றிக் கேட்டால் பதில் சொல்லுவார். அன்று மாலை பரணில் ஏறப் பார்த்தாராம், அம்மா தடுத்துவிட்டார்.

நாங்க வீட்டுல "நன்றி", "ஐ லவ் யூ" எல்லாம் சொல்லிக்கிட்டதே இல்ல. திடீர்னு எழுதினா செயற்கையா இருக்காதா?

இருக்கும். அதனால் அந்த வார்த்தைகளை எழுத வேண்டாம். மேலே உள்ள வாழ்த்தில் பாசம், தியாகம், நன்றி எதுவும் இல்லை. "சாப்டியா?" என்ற ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கேட்டுவிடும் வீடுகள் நம்முடையவை. அதே பாணியில், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்பதே அவர்களுக்குப் போய்ச் சேரும்.

"வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்"னு போடணுமா? நம்ம வயசுக்கு அப்பா அம்மாவை வாழ்த்தலாமா?

அந்த வரி ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து வீட்டுக்குள் வந்தது. மேடையில் இருக்கும் பிரமுகருக்குப் பொருந்தும். "கல்யாண நாள் வாழ்த்துகள்" என்று பிள்ளைகள் சொல்வதில் தவறு ஒன்றும் இல்லை, இப்போது எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள்.

ஆனால் "பல்லாண்டு வாழ்க", "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" போன்றவை பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லும் ஆசி. பிள்ளை அதைப் பெற்றோரிடம் திருப்பிச் சொல்லும்போது இடம் மாறி நிற்கும். உங்கள் வீட்டில் காலில் விழும் வழக்கம் இருந்தால் "வந்து கும்பிட்டுக்கறேன்" என்று முடியுங்கள். அது இயல்பாக இருக்கும்.

பேச்சுத் தமிழ்ல எழுதறதா, எழுத்துத் தமிழ்ல எழுதறதா?

நீங்கள் அவர்களிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. "நீங்க" என்று பேசும் வீட்டில் "நீங்க", அம்மாவை மட்டும் "நீ" என்று கூப்பிடும் வீட்டில் அம்மாவுக்கு "நீ". இருவருக்கும் சேர்த்து எழுதும்போது இந்தச் சிக்கல் வரும். மேலே நான் செய்ததுபோல "அப்பா, ... நீங்க" என்று ஒருவரை விளித்துப் பேசினால் தீர்ந்துவிடும். அப்பாவுக்கு ஒரு பகுதி எழுதினால் அம்மாவும் அதில் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஒருவர் செய்ய இன்னொருவர் சும்மா நிற்பதாக எழுதினால், நிற்பவருக்கு மனசு குறுகும்.

சின்ன எழுத்தைப் படிக்கச் சிரமப்படுபவர்களாக இருந்தால் எழுதியதை நீங்களே வாசித்துக் குரல் பதிவாக அனுப்புங்கள். படத்தை முதலில் அனுப்பி, பெரிதாக்கிப் பார்க்க நேரம் கொடுத்து, பிறகு குரலை அனுப்புங்கள்.

ஆல்பத்துல ஒட்டின பத்திரிகையில தமிழ்த் தேதி போட்டிருக்கு. எந்தத் தேதிக்கு அனுப்பறது?

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருப்பது பெரிய உதவி. அதில் தமிழ் வருடம், மாதம், தேதி, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். என் அப்பா அம்மா பத்திரிகையில் குரோதன வருடம் என்று இருந்தது. தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் ஒன்றிரண்டு நாள் முன்பின் வரும். நட்சத்திரப்படி பார்க்கும் வீடுகளில் நாள் இன்னும் தள்ளிப் போகும். அவர்கள் எந்த நாளில் கோயிலுக்குப் போகிறார்களோ அந்த நாள் காலையில் அனுப்புங்கள்.

இதோடு சேர்ந்து வரும் ஒரு குழப்பம்: அறுபதாம் கல்யாணம் என்பது கல்யாணத்தின் அறுபதாவது வருடம் இல்லை. அப்பாவுக்கு அறுபது வயது நிறைந்து, அவர் பிறந்த தமிழ் வருடமே திரும்பி வரும்போது செய்வது. 1956இல் துர்முகி வருடத்தில் பிறந்தவருக்கு 2016இல் மறுபடி துர்முகி வந்தது. அந்த விழாவுக்கு எழுதினால் "கல்யாண நாள்" என்று போட்டுவிடாதீர்கள்.

அந்தப் பக்கத்துல இருக்கறவங்க நிறைய பேர் இப்போ இல்ல. நல்ல நாளும் அதுவுமா அதை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் அவர்கள் இறந்ததை எழுதாதீர்கள், படத்தில் என்ன செய்கிறார்களோ அதை எழுதுங்கள். என் வாழ்த்தில் பெரிய மாமா விளக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். "இன்று அவர் நம்மோடு இல்லை" என்ற வரியை எழுதி அழித்தேன். அம்மாவுக்கு அது தெரியும்.

அண்மையில், ஒரு வருடத்துக்குள் நடந்த இழப்பு என்றால் மட்டும் வேறு பக்கத்தை எடுங்கள்.

உண்மையைச் சொல்லணும்னா அவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போனதே இல்ல. என்ன எழுதறது?

இதைக் கடையில் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. ஆல்பத்தைத் திரும்ப வாங்கும்போது, காசை எண்ணிக்கொண்டே கேட்பார்கள். ஆதர்சத் தம்பதி, அன்புக் கோட்டை என்று எழுதாதீர்கள். பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும். முன்னால் சொன்ன மூன்று கேள்விகளில் மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: உங்களுக்கு என்ன கிடைத்தது? அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, தனித்தனியாக.

ஒருவர் பந்திப் பக்கத்தை எடுத்து, அப்பா சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதையும், அம்மா பீஸ் கட்ட வளையலை அடகு வைத்ததையும் இரண்டு வரி எழுதினார். இருவருக்கும் இடையில் இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதுவும் பொய்யில்லாத வாழ்த்துதான். அதைக்கூட எழுத மனம் வரவில்லையென்றால், எழுத வேண்டாம். போன் செய்து பேசினால் போதும்.

அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. அந்த நாள்ல அம்மாவுக்கு ஆல்பம் பக்கத்தை அனுப்பலாமா?

முதல் வருடம் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். ஆல்பத்தை நீங்களாக எடுக்க வேண்டாம். அம்மா எடுத்தால் பக்கத்தில் உட்காருங்கள். பல அம்மாக்கள் எடுப்பார்கள்.

பிற்பாடு அனுப்பும்போது "வாழ்த்துகள்" என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரு கேள்வியோடு அனுப்பலாம். "அம்மா, இந்தப் படத்துல அப்பா சட்டைப்பையில என்னமோ துருத்திக்கிட்டு இருக்கே, என்னது அது?" என்று ஒரு மகன் கேட்டார். கல்யாணச் செலவுக் கணக்கு எழுதின சின்ன நோட்டு என்று அம்மா பதில் அனுப்பியிருந்தார். கூடவே, பீரோவிலிருந்து அந்த நோட்டை எடுத்துப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார். பூக்காரருக்கு இருபது ரூபாய் பாக்கி என்று கடைசி வரியில் இருந்தது.